எக்ஸ்பைரி வெள்ளிக்கிழமை, மணி அடித்த பிறகு: ஆப்ஷன் எக்சர்சைஸ் கட்-ஆஃப் முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குச் சந்தை மூடுகிறது, அத்தோடு ஆப்ஷனும் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கணினியை அணைத்துவிடுகிறார்கள். 4 மணிக்கு முடிவது ஆப்ஷனை வாங்கி விற்பது மட்டும்தான். அதை எக்சர்சைஸ் செய்வதா, அதாவது ஸ்ட்ரைக் எனப்படும் ஒப்பந்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ செய்வதா, வேண்டாமா என்ற உரிமை அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம்வரை உயிரோடு இருக்கிறது. அந்த நேரத்தில் நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தால், 4 மணிக்குச் செத்துப்போனதாகத் தெரிந்த ஆப்ஷன் எழுந்து உட்காரும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கையாள்வது பற்றியது இந்த வழிகாட்டி. நிறுவனப் பங்குகள், இ.டி.எஃப்.கள் மீதான ஆப்ஷன்களுக்கு இது பொருந்தும். எக்சர்சைஸ் ஆனால் அவற்றில் ஒரு கான்ட்ராக்டுக்கு வழக்கமாக 100 பங்குகள் கைமாறும். இன்டெக்ஸ் ஆப்ஷன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பணமாகவே தீர்த்துவிடுவார்கள், பங்கு வராது. ஆனால் எஸ் அண்ட் பி 500 இன்டெக்ஸ் மீதான, காலைத் தொடக்க விலையில் தீர்க்கப்படும் மாதாந்திர எஸ்.பி.எக்ஸ். ஆப்ஷனில் வர்த்தகம் வியாழக்கிழமையே நின்றுவிடும், தீர்வு விலை வெள்ளி காலையில்தான் தெரியும். இடைப்பட்ட இரவுச் செய்திக்கு அங்கே எந்த முடிவும் எடுக்க வழியில்லை. அதை வைத்திருந்தால் வியாழனன்றே வெளியேறுங்கள், மீதியைப் படிக்கத் தேவையில்லை.

## 1. முதலில் நான்கு நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

எல்லாமே நியூயார்க் நேரம். வேறு நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் மனதுக்குள் மாற்றிக் கணக்குப் போடாதீர்கள், நியூயார்க் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் பிசகினாலே கட்-ஆஃப் போய்விடும்.

முதல் நேரம் மாலை 4:00. பங்கின் வழக்கமான வர்த்தகமும் ஆப்ஷன் வர்த்தகமும் நிற்கும் நேரம். சில இ.டி.எஃப். ஆப்ஷன்களுக்கு மட்டும் இது சற்றுத் தள்ளிப்போகும்.

இரண்டாவது, உங்கள் புரோக்கர் வைத்திருக்கும் கட்-ஆஃப். உங்களைக் கட்டுப்படுத்துவது இதுதான். மூன்றாவது, மாலை 5:30. ஆப்ஷனை வைத்திருப்பவர் எக்சர்சைஸ் பற்றிக் கடைசி முடிவெடுக்க விதிகள் தரும் எல்லை அது. ஆனால் புரோக்கர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அதைவிட முன்கூட்டியே ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளலாம், பலர் வைத்திருக்கிறார்கள். சிலரிடம் 5 மணி, சிலரிடம் அதற்கும் முன்பே. 5:30 என்று எங்கோ படித்துவிட்டு 5:15க்கு ஃபோன் செய்து, "நேரம் முடிந்துவிட்டது" என்ற பதிலைக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: "எக்சர்சைஸ் செய்" என்ற அறிவுறுத்தலுக்கு எத்தனை மணி, "எக்சர்சைஸ் செய்யாதே" என்ற அறிவுறுத்தலுக்கு எத்தனை மணி? இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

நான்காவது, இரவு 8:00. மூடலுக்குப் பிந்தைய பங்கு வர்த்தகம் அதுவரை நடக்கும். 5:30க்கும் 8:00க்கும் இடையில் ஆப்ஷன் பற்றிய முடிவு யார் கையிலும் இல்லை, ஆனால் பங்கு விலை நகர்ந்துகொண்டே இருக்கும்.

சந்தை முன்னதாக மூடும் நாளில் எக்ஸ்பைரி வந்தால் இந்த நேரங்களெல்லாம் முன்னால் நகரும். நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த வெள்ளி அப்படிப்பட்டது, சந்தை பிற்பகல் 1 மணிக்கே மூடிவிடும். புனித வெள்ளியன்று சந்தையே இல்லை, அந்த வார எக்ஸ்பைரி வியாழனுக்கு வந்துவிடும். இந்த வாரங்களில் புரோக்கரிடம் மறுபடி கேளுங்கள்.

## 2. தானியங்கி எக்சர்சைஸ் எந்த விலையைப் பார்க்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் ஆப்ஷன்களைத் தீர்த்து வைப்பது ஓ.சி.சி. எனப்படும் ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன். எக்ஸ்பைரி அன்று ஓர் ஆப்ஷன் ஒரு சென்ட் அளவுக்கு இன்-த-மணியாக, அதாவது எக்சர்சைஸ் செய்தால் மதிப்புள்ள நிலையில் இருந்தால் போதும், வேறு அறிவுறுத்தல் இல்லாவிட்டால் அதை எக்சர்சைஸ் செய்துவிடுவார்கள். அதற்கு அவர்கள் பார்ப்பது வழக்கமான வர்த்தகத்தின் மூடல் விலையை. 4 மணிக்குப் பிறகு பங்கு எங்கே போனாலும் அந்த விலை மாறாது.

தடுமாற்றம் முழுவதும் பிறப்பது இங்கேதான். தானியங்கி ஏற்பாடு 4 மணி விலையை வைத்து முடிவெடுக்கிறது, மனிதர்கள் 5 மணி விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இரண்டும் ஸ்ட்ரைக்கின் ஒரே பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. செய்தி வந்து பங்கு ஸ்ட்ரைக்கைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டால், ஏற்பாடு செய்வதற்கு நேர் எதிரானது உங்களுக்குத் தேவைப்படும். அதை நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இன்னொரு சிறிய விஷயம். 3:59:58க்குத் திரையில் நீங்கள் பார்த்த விலை மூடல் விலை அல்ல. பங்கு பட்டியலிடப்பட்ட சந்தையில் 4 மணிக்கு ஒரு மூடல் ஏலம் நடக்கும், அதில் வரும் விலைதான் மூடல் விலை. 49.97 என்று பார்த்துவிட்டு எழுந்து போனவருக்கு ஏலம் 50.04 என்று முடிந்திருக்கலாம். ஸ்ட்ரைக் 50 என்றால் அந்த ஏழு சென்ட் உங்கள் வார இறுதியையே மாற்றிவிடும். அதனால் 4:05 வாக்கில் அதிகாரப்பூர்வ மூடல் விலையைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றது.

## 3. வியாழனன்றே "பங்கு வந்தால்" கணக்கைப் போடுங்கள்

வெள்ளி மாலையில் யோசிக்க நேரமிருக்காது. அதனால் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் முந்தைய நாளே ஒரு வரி எழுதுகிறேன்: இது எக்சர்சைஸ் ஆனால் என் கணக்கில் எத்தனை பங்கு வரும் அல்லது போகும், அதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?

பங்கை வாங்கும் உரிமை தரும் கால் ஆப்ஷன் மூன்று கான்ட்ராக்ட், ஸ்ட்ரைக் 100 டாலர் என்றால் 300 பங்கு, 30,000 டாலர். பிரீமியமாக நீங்கள் கொடுத்தது 360 டாலராக இருக்கலாம். ஆனால் வெள்ளி இரவு உங்கள் தலையில் இருப்பது 30,000. மே 28, 2024 முதல் தீர்வு ஒரே வேலை நாளில் முடிந்துவிடுவதால் அந்தப் பணம் திங்களன்றே தேவைப்படும்.

கணக்கில் அவ்வளவு பணமோ மார்ஜினோ இல்லையென்றால் இன்னொரு சிக்கல் வரும். எக்ஸ்பைரி அன்று பிற்பகலில் புரோக்கரின் ரிஸ்க் பிரிவு உங்களைக் கேட்காமலே ஆப்ஷனை விற்கலாம், அல்லது எக்சர்சைஸ் செய்யவே மறுக்கலாம். அவர்கள் எத்தனை மணிக்கு அந்த வேலையைத் தொடங்குவார்கள் என்பதையும் கேட்டு அதே தாளில் எழுதுங்கள்.

கூடவே, பங்கின் செய்தி நாட்காட்டியைப் பாருங்கள். காலாண்டு முடிவுகள் வெள்ளி மாலையில் வருவது அரிது. ஆனால் மருந்து அனுமதி முடிவு, நிறுவனக் கையகப்படுத்தல், நிதி அதிகாரி விலகல், இன்டெக்ஸ் மாற்றம் ஆகியவையெல்லாம் வெள்ளி மாலையில் வரும். எஸ் அண்ட் பி நிறுவனம் தன் காலாண்டு இன்டெக்ஸ் மாற்றங்களை வெள்ளிக்கிழமை சந்தை மூடிய பிறகு அறிவித்த சந்தர்ப்பங்கள் பல. 2024 செப்டம்பர் 6ஆம் தேதி அப்படித்தான் பலான்டிர் எஸ் அண்ட் பி 500 இல் சேர்க்கப்படுவதாக அறிவித்தார்கள், திங்களன்று அந்தப் பங்கு சுமார் 14 சதவீதம் ஏறி முடிந்தது. அன்று வாராந்திர கால் விற்றுவிட்டு, தப்பித்தோம் என்று எழுந்து போனவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

## 4. பிற்பகல் 3 மணி முதல் 4 மணி வரை: மூடுவதா, விடுவதா

என் விதி எளிமையானது. விற்ற ஆப்ஷன் எதுவாக இருந்தாலும், ஸ்ட்ரைக்கிலிருந்து பங்கு எவ்வளவு தள்ளி இருந்தாலும், ஐந்து பத்து சென்டுக்குத் திரும்ப வாங்க முடிகிறதென்றால் வாங்கிவிடுவேன். கடைசி ஐந்து சென்டை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை புதியவர்களிடம் நிறைய இருக்கிறது. அந்த ஐந்து சென்ட், 4 மணியோடு முடியும் ஆபத்துக்கான கூலியாக அவர்களுக்குத் தெரிகிறது. உண்மையில் அது கட்-ஆஃப் வரைக்குமான ஆபத்துக்கும், அதற்குப் பிறகு கைக்கு வந்து சேரும் பங்கின் வார இறுதி ஆபத்துக்கும் சேர்த்துத்தான்.

வாங்கி வைத்திருக்கும் ஆப்ஷன் சிறிதளவு இன்-த-மணியாக இருந்தால் விற்றுவிடுங்கள். பங்கு வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினால் மட்டும் விட்டுவையுங்கள். வாங்குபவர் யாருமே இல்லாத, முற்றிலும் அவுட்-ஆஃப்-த-மணி ஆப்ஷன் கையில் இருந்தால் அப்படியே விடலாம். அது உங்களுக்கு உரிமை மட்டும்தான் தருகிறது, கடமை எதுவும் இல்லை. ஆனால் 4 மணிக்குப் பிறகு அதை மறந்துவிடாதீர்கள், அடுத்த பகுதியில் காரணம் இருக்கிறது.

## 5. வாங்கியவர் பக்கம்: 4:05 முதல் கட்-ஆஃப் வரை

மூன்று கால், ஸ்ட்ரைக் 100, மூடல் விலை 100.18 என்று வைத்துக்கொள்வோம். எதுவும் செய்யாவிட்டால் எக்சர்சைஸ் ஆகிவிடும். அதன் மதிப்பு 18 சென்ட் பெருக்கல் 300, அதாவது 54 டாலர்.

4:38க்கு மோசமான செய்தி வருகிறது. மூடலுக்குப் பிந்தைய வர்த்தகத்தில் பங்கு 95க்குப் போகிறது. ஓ.சி.சி.யின் ஏற்பாட்டுக்கு அது தெரியாது, அது இன்னும் 100.18ஐத்தான் பார்க்கிறது. நீங்கள் பேசாமல் இருந்தால் 95 டாலர் பங்கை 100 டாலருக்கு 300 எண்ணிக்கை வாங்குகிறீர்கள். 1,500 டாலர் அங்கேயே போச்சு, கொடுத்த பிரீமியம் தனி. கட்-ஆஃபுக்குள் "எக்சர்சைஸ் செய்யாதே" என்று சொன்னால் போவது பிரீமியம் மட்டும். புரோக்கர் திரைகளில் இது பெரும்பாலும் `Do Not Exercise` என்ற பெயரில் இருக்கும், சிலரிடம் ஃபோனில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதன் மறுபக்கம்: மூடல் விலை 99.70. ஆப்ஷன் காலாவதி ஆகப்போகிறது. 4:50க்கு நிறுவனத்தை வேறொருவர் வாங்குவதாகச் செய்தி, பங்கு 106. இப்போது உங்கள் செத்த கால் 6 டாலர் பெறும். ஆனால் நீங்களாகச் சொன்னால்தான் எக்சர்சைஸ் ஆகும். கையில் இருப்பதை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் எக்சர்சைஸ் அறிவுறுத்தல், அது ஏற்கப்பட்டதற்கான உறுதி, அதற்குப் பிறகுதான் மூடலுக்குப் பிந்தைய வர்த்தகத்தில் 300 பங்கை விற்று லாபத்தைப் பூட்டுவது. பங்கு ஏறும் வேகத்தைப் பார்த்துப் பதறிப்போய், கையில் இல்லாத பங்கை முதலில் ஷார்ட் விற்றுவிட்டு, பிறகு புரோக்கரைக் கூப்பிட்டு, கட்-ஆஃப் முடிந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன ஆகும்? கையில் கால் இல்லை, வெறும் ஷார்ட் மட்டும் திங்கள்வரை நிற்கும். கையகப்படுத்தல் செய்தி வந்த பங்கில் அது இருக்கக்கூடாத இடம். அறிவுறுத்தல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சில நிமிடத்தில் விலை ஒரு டாலர் இறங்கினாலும் பரவாயில்லை, அந்த நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு.

மூடலுக்குப் பிந்தைய விலையை அப்படியே நம்பவும் வேண்டாம். 100 பங்கு ஒரே ஒரு முறை 106க்குக் கைமாறியிருந்தால் அது விலை ஆகாது. வாங்குபவர் எவ்வளவு கேட்கிறார், எத்தனை பங்குக்குக் கேட்கிறார் என்று பாருங்கள். வாங்கும் விலை 103, விற்கும் விலை 107 என்று இடைவெளி அகலமாக இருந்தால், உங்கள் முடிவுக்கு 103தான் அடிப்படை. லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள்.

## 6. விற்றவர் பக்கம்: ஸ்ப்ரெட்டின் "அதிகபட்ச நஷ்டம்" உடையும் விதம்

விற்றவருக்கு எந்தத் தேர்வும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் எடுக்கும் முடிவு அசைன்மென்ட்டாக வந்து சேரும், அவ்வளவுதான். தாமதித்தவர்கள் அதிகம் இழப்பது இங்கே என்பதால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

பங்கை விற்கும் உரிமை தரும் புட் ஆப்ஷனில், 50 ஸ்ட்ரைக் பத்து விற்று, பாதுகாப்புக்கு 45 ஸ்ட்ரைக் பத்து வாங்கியிருக்கிறீர்கள், இந்த ஜோடிதான் ஸ்ப்ரெட். பங்குக்கு 60 சென்ட் வரவு, மொத்தம் 600 டாலர். பாடப்புத்தகக் கணக்கில் அதிகபட்ச நஷ்டம் ஸ்ட்ரைக் இடைவெளி 5 கழித்தல் 0.60, அதாவது 4,400 டாலர். வெள்ளியன்று 3:45க்கு 50 புட்டைப் பத்து சென்டுக்கு வாங்கி மூடியிருக்கலாம், செலவு 100 டாலர். செய்யவில்லை. மூடல் விலை 50.22. இரண்டு புட்டுமே அவுட்-ஆஃப்-த-மணி. 600 டாலர் லாபம் என்று திரை காட்டுகிறது.

4:41க்குக் கணக்கு வழக்கு மறுஆய்வு பற்றிச் செய்தி. பங்கு 46. உங்கள் 50 புட்டை வாங்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? மூடலுக்குப் பிந்தைய வர்த்தகத்தில் 46க்குப் பங்கை வாங்கி, எக்சர்சைஸ் செய்து உங்களிடம் 50க்குத் தள்ளுவார். உங்கள் 45 புட்டுக்கோ 46இல் எந்த மதிப்பும் இல்லை, அது காலாவதி ஆகும். பாதுகாப்புக்கு வாங்கிய புட்டே இல்லாமல் நீங்கள் பங்கோடு நிற்கிறீர்கள்.

எத்தனை பங்கு வரும்? இதுதான் இந்த மாலையின் கடினமான கேள்வி. புட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் விழித்திருக்க மாட்டார்கள். சிலர் கணினியை அணைத்துவிட்டார்கள், சிலரின் புரோக்கர் கட்-ஆஃப் செய்திக்கு முன்பே முடிந்துவிட்டது. வந்த எக்சர்சைஸ்களை ஓ.சி.சி. புரோக்கர்களுக்குக் குலுக்கல் முறையில் பகிர்ந்தளிக்கும், புரோக்கர் தன் வாடிக்கையாளர்களுக்குப் பகிர்வார். அதனால் பத்தில் பத்தும் வரலாம், ஏழு வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். செய்திக்குப் பிந்தைய விலை ஸ்ட்ரைக்கிலிருந்து எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அவ்வளவுக்கு முழு அசைன்மென்ட் நெருங்கும். நாலு டாலர் இறங்கியிருந்தால் பெரும்பகுதி வரும் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முப்பது சென்ட் மட்டும் இறங்கியிருந்தால் எதையும் ஊகிக்க முடியாது.

பத்தும் வந்து, திங்களன்று பங்கு 43இல் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 பங்கு, ஒவ்வொன்றிலும் 7 டாலர் நஷ்டம். 7,000 கழித்தல் 600, ஆக 6,400 டாலர். 4,400க்கு மேல் போகவே போகாது என்று புரோக்கர் திரை சொன்ன அதே ஸ்ப்ரெட். இரண்டு புட்டும் ஒரே நேரத்தில் ஒரே விலையில் தீரும் என்ற அனுமானத்தில்தான் அந்த 4,400 நின்றது.

கட்-ஆஃபுக்கு முன் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பங்கு 46 என்ற நிலையில், மூடலுக்குப் பிந்தைய வர்த்தகத்தில் ஒரு பகுதியை ஷார்ட் விற்கலாம். 500 பங்கை 46க்கு விற்று, ஏழு கான்ட்ராக்ட் அசைன் ஆனால், 500இல் 2,000 டாலர் நஷ்டம் உறுதியாகிறது. மீதி 200 பங்கு 43க்குத் திறந்தால் இன்னும் 1,400. வரவு 600ஐக் கழித்தால் 2,800. எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் அதே ஏழுக்கு 4,300. ஆனால் ஒன்றுமே அசைன் ஆகாமல் பங்கு திரும்பவும் 50க்கு ஏறினால், அந்த 500 ஷார்ட் உங்களைக் கடிக்கும். அதனால்தான் முழு 1,000ஐயும் விற்கச் சொல்வதில்லை. பாதியளவு என்பது என் பழக்கம், ஆழமாக இறங்கினால் இன்னும் கொஞ்சம் கூட.

இரண்டாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்கு 46க்குப் பதில் 43க்கு விழுந்திருந்தால் உங்கள் 45 புட்டும் உயிர் பெறுகிறது. மூடல் விலைப்படி அது தானாக எக்சர்சைஸ் ஆகாது, நீங்கள் சொன்னால் ஆகும். பத்தையும் எக்சர்சைஸ் செய்து, 50 புட்டும் பத்தும் அசைன் ஆனால், 50க்கு வாங்கி 45க்கு விற்றதாக முடிந்து பழைய 4,400 எல்லை திரும்பி வரும். ஏழு மட்டும் அசைன் ஆனால் 300 பங்கு 45இல் ஷார்ட்டாக மிஞ்சும், பங்கு 43 என்பதால் அது உங்களுக்குச் சாதகமான இடத்தில்தான் தொடங்குகிறது. நீங்கள் விற்ற புட் அசைன் ஆகுமா என்று தெரிந்துகொண்ட பிறகு எக்சர்சைஸ் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். அசைன்மென்ட் அறிவிப்பு கட்-ஆஃபுக்குள் வரவே வராது.

## 7. அறிவுறுத்தலைக் கொடுக்கும் முறை

தானியங்கி ஏற்பாட்டுக்கு எதிராகக் கொடுக்கும் அறிவுறுத்தலுக்குத் துறையில் கான்ட்ரரி எக்சர்சைஸ் அட்வைஸ் என்று பெயர். ஃபோனில் பேசும்போது அந்தப் பெயரைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு உடனே புரியும். "என் ஆப்ஷனை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால் மூன்று விதமாக அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். ஆப்ஷனின் பங்குக் குறியீடு, எக்ஸ்பைரி தேதி, ஸ்ட்ரைக், காலா புட்டா, எத்தனை கான்ட்ராக்ட், எக்சர்சைஸ் செய்யவா செய்யாமல் விடவா என்ற வரிசையில் சொல்லுங்கள். அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். உறுதி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளி மாலையில் ஃபோன் வரிசை நீளும். பெரிய செய்தி வந்த நாளில் இருபது நிமிடம் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க நேரலாம். ஃபோன் மட்டுமே வழியாக இருக்கும் புரோக்கரிடம் நீங்கள் இருந்தால், உங்கள் சொந்தக் கட்-ஆஃபை அவர்கள் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன எண்ணிக்கையில் ஒரு முறை வேண்டுமென்றே இதைச் செய்து பழகுங்கள், திரையில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடும் நாள் அவசர நாளாக இருக்கக் கூடாது.

பங்கின் வர்த்தகமே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால்? எக்சர்சைஸ் உரிமை அதனால் நிற்காது, ஆனால் தானாக எதுவும் நடக்கும் என்று நம்ப முடியாது. சிலிக்கான் வேலி பேங்க் பங்கு 2023 மார்ச் 10 காலையில் நிறுத்தப்பட்டது. மார்ச் 17 மாதாந்திர எக்ஸ்பைரி வந்தபோதும் நிறுத்தத்திலேயே இருந்தது. பெரிய லாபத்தில் புட் வைத்திருந்தவர்கள் தாங்களே அறிவுறுத்தல் கொடுக்க வேண்டியிருந்தது, அதிலும் பலரிடம் ஒப்படைக்கப் பங்கு இல்லை, நிறுத்தப்பட்ட பங்கை வாங்கவும் முடியவில்லை. அப்படி ஒரு பங்கில் புட் இருந்தால் வெள்ளி வரை காத்திருக்காமல் வாரத்தின் தொடக்கத்திலேயே புரோக்கரிடம் பேசுங்கள்.

## 8. கட்-ஆஃபுக்குப் பிறகும் திங்கள் காலையும்

உங்கள் கட்-ஆஃப் தாண்டிய பிறகு வரும் செய்திக்கு நீங்கள் ஆப்ஷனால் பதில் சொல்ல முடியாது. ஆனால் 5:30 வரை மற்றவர்களால் முடியும். விற்ற ஆப்ஷன் இருந்தால் உங்கள் புரோக்கரின் கட்-ஆஃப் எப்போது முடிந்தாலும் 5:30 வரை திரையை விட்டு நகராதீர்கள். 5:30க்குப் பிறகு வரும் செய்தி எக்சர்சைஸ் முடிவை மாற்றாது, எக்சர்சைஸால் கைக்கு வரும் பங்கைத்தான் பாதிக்கும். கால் தானாக எக்சர்சைஸ் ஆகிறது என்று தெரிந்தால், இரவு 8 மணி வரை அந்தப் பங்கை விற்கும் வாய்ப்பு உண்டா என்று புரோக்கரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். பங்கு கணக்கில் ஏறுவதற்கு முன் விற்பதை ஷார்ட் என்று கருதித் தடுக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள்.

அசைன்மென்ட் அறிவிப்பு பெரும்பாலும் இரவிலோ சனிக்கிழமையிலோ வரும், திங்கள் காலை சந்தை திறக்கும் முன் கட்டாயம் கணக்கைப் பாருங்கள். மின்னஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டாம், பங்கு எண்ணிக்கையையே பாருங்கள். வெள்ளியன்று எழுதிய தாளில் எதிர்பார்த்த எண்ணும் கணக்கில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். மேலே சொன்ன ஸ்ப்ரெட்டில் 500 ஷார்ட் விற்றிருந்து 700 பங்கு வந்திருந்தால் நிகரம் 200 தான் காட்டும். அதைப் பார்த்து இரண்டு கான்ட்ராக்ட்தான் அசைன் ஆனது என்று தவறாக எண்ணி, 500 ஷார்ட்டை மூட மறுபடி 500 பங்கு வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வாங்கியது மூடல் அல்ல, புதிதாக 500 பங்கு.

எண் பொருந்தவில்லையென்றால் காலை 9:30க்கு முன் புரோக்கரை அழைத்து உறுதி எண்ணைச் சொல்லுங்கள். பொருந்தினால், வேண்டாத பங்கைத் திறப்புக்கு முந்தைய வர்த்தகத்தில் விற்பதா, திறப்பு ஏலத்தில் விற்பதா என்பது மட்டும்தான் மீதி. பங்கு மெலிதாக வர்த்தகமாகிறதென்றால் நான் ஏலத்தைத் தேர்ந்தெடுக்கிறேன், வாங்குபவர்கள் அங்கேதான் ஒன்றாகக் கூடுகிறார்கள்.